வயதானவர் உடம்பில் விம்மி நிற்கும் நீர்க்கொப்புளம்: தீப்புண்ணா, பூச்சிக்கடியா, பெம்பிகாய்டா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயசு. ரொம்ப வருஷமா சர்க்கரை மாத்திரை சாப்பிடுறார். மூணு மாசமா உடம்பெல்லாம் அரிப்பு. இப்போ வயிறு, தொடை, கையில பெரிய பெரிய நீர்க்கொப்புளம். சுடுதண்ணி பட்டிருக்கும்னு அம்மா சொல்றாங்க. பக்கத்து வீட்டுல பூச்சி எச்சம், அக்கி எழுதுங்கங்கிறாங்க. டாக்டர் ஒரு ஊசி போட்டார், நாலு நாள் அடங்கி மறுபடி கிளம்பிடுச்சு. இது என்னவா இருக்கும்?

பதில்:

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வயதில் இப்படி ஒருவர் வந்தால் ஒரு தோல் டாக்டர் முதலில் நினைப்பது புல்லஸ் பெம்பிகாய்டு என்ற நோயைத்தான். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. தொற்று இல்லை, தொட்டால் ஒட்டாது, பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கொப்புளம் ஏன் அப்படி விம்மி நிற்கிறது என்பதில்தான் நோயின் குணம் இருக்கிறது. நம் மேல்தோல், கீழே உள்ள தோலோடு, கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைத்த லைனிங் துணி மாதிரி நுண்ணிய தையல்களால் பிடித்து நிற்கிறது. அந்தத் தையலில் பிபி180, பிபி230 என்று இரண்டு புரதங்கள் உண்டு. பெம்பிகாய்டில் எதிர்ப்பொருட்கள் போய் ஒட்டுவது இவற்றின் மேல்தான். பின்னாலேயே ஈஸினோஃபில் போன்ற வெள்ளையணுக்கள் கூடி, அழற்சி வந்து, தையல் விட்டுப்போகிறது. இடைவெளியில் நீர் சேர்கிறது. மேல்தோல் முழுக் கனத்தோடு கூரையாக இருப்பதால் கொப்புளம் லேசில் உடையாது. ஓரிரு நாள் அப்படியே நிற்கும். உள்ளே தெளிந்த நீர், சிலசமயம் ரத்தம் கலந்த நீர்.

இதன் பெயரோடு குழம்புகிற இன்னொரு நோய் பெம்பிகஸ். அதில் பிரிவது மேல்தோலுக்கு உள்ளேயே, அதன் செல்களுக்கு நடுவே. அதனால் கூரை மெல்லியதாக, கொப்புளம் தொளதொளவென்று இருந்து உடனே உடையும். பார்க்கும்போது கொப்புளத்தை விடப் புண்தான் அதிகம் தெரியும். பெரும்பாலும் வாய்க்குள் ஆரம்பிக்கும், வயதும் குறைவாக இருக்கும். 1953-ல் வால்டர் லீவர் இரண்டையும் பிரித்துக் காட்டும்வரை எல்லாம் ஒரே கூடையில்தான் கிடந்தன. இன்றைக்கும் வீட்டில் யாராவது இணையத்தில் பெம்பிகஸ் பற்றிப் படித்துவிட்டுப் பயந்துபோய் வருகிறார்கள். வைத்தியமும் போக்கும் வேறு.

இனி அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். தீப்புண் ஒருமுறை வரும், பட்ட இடத்தில் வரும், அதோடு முடியும். சர்க்கரையில் கால் மரத்தவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் தெரியாமல் சுட்டுவிடுவது உண்மைதான். ஆனால் அது பாதத்தில், ஒத்தடம் கொடுத்த அளவுக்கே இருக்கும். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு நாலு, வலது தொடையில் ஒன்று, இடது முழங்கைக்குள் ஒன்று என்று புதிது புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்தால் அது சூடு இல்லை. புதுக் கொப்புளம் தொடர்ந்து வருகிறதா என்பதுதான் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கக்கூடிய மிக உபயோகமான கேள்வி.

பூச்சி விஷயமும் அப்படித்தான். மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வரும் கறுப்பும் ஆரஞ்சுமான சின்ன வண்டை உடம்பில் வைத்து நசுக்கினால், மறுநாள் எரிச்சலோடு கோடு இழுத்தாற்போல் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் வரும். முழங்கை மடிப்பில் பட்டால், மடித்தபோது எதிர்ப்பக்கத்திலும் அதே அச்சு விழும். திறந்த இடங்களில்தான் வரும், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். வேட்டி கட்டிய தொடையின் உள்பக்கத்திலும் அடிவயிற்றிலும் பூச்சி வந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடித்துவிட்டுப் போகாது. பெம்பிகாய்டு விரும்பி உட்காரும் இடங்களே அவைதான்: அடிவயிறு, தொடையின் உள்பக்கம், இடுக்கு, அக்குள், முன்கை.

அக்கி என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஹெர்பஸ் ஜோஸ்டர். அது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்களோடு, குத்தும் வலியோடு வரும். குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுகிற பழக்கத்தைப் பற்றி எனக்குச் சண்டையில்லை, ஜோஸ்டர் எப்படியும் தானாக ஆறுகிற நோய்தான். ஆனால் பெம்பிகாய்டு கொப்புளத்தின் மேல் காவி பூசிவிட்டு வந்தால் அடியில் சீழ் வைத்திருப்பது தெரியாது. கழுவி எடுப்பதற்குள் தோலும் சேர்ந்து வரும். தயவுசெய்து வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காலில் வலியோ அரிப்போ இல்லாமல் ஒரு பெரிய கொப்புளம் வருவதும் உண்டு. அது சில வாரத்தில் தானே அடங்கிவிடும். அரிப்பு இல்லாதது அதற்கு அடையாளம். பெம்பிகாய்டில் அரிப்பு இல்லாமல் இருப்பது அபூர்வம்.

அந்த அரிப்புதான் எல்லாரையும் ஏமாற்றுவது. கொப்புளம் வருவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அரிப்பு வந்துவிடும். வெறும் அரிப்பாக இருக்கலாம், தடிப்புத் தடிப்பாக இருக்கலாம், கரப்பான் மாதிரி சொரசொரப்பாக இருக்கலாம். இந்தக் கட்டத்தில் வயோதிகத்தின் வறண்ட தோல், அலர்ஜி, சொறி சிரங்கு என்று ஏதாவது ஒரு பெயர் கிடைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் ஈஸினோஃபில் கூடியிருந்தால் அலர்ஜிதான் என்று முடிவே கட்டிவிடுவார்கள். ஈஸினோஃபில் பெம்பிகாய்டிலும் கூடும். பிறகு ஒரு டெக்ஸாமெதசோன் ஊசி. அது ஸ்டீராய்டு, ஆகவே அரிப்பும் கொப்புளமும் கொஞ்சம் அடங்கத்தான் செய்யும். அதன் வேகம் தீர்ந்ததும் திரும்ப வரும். ஊசிக்கு அடங்கித் திரும்புவது அலர்ஜிக்கான சான்று இல்லை. ஸ்டீராய்டுக்கு அடங்குகிற வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கான தடயம், அவ்வளவுதான். 65 தாண்டிய ஒருவருக்குக் காரணம் தெரியாத அரிப்பு, வழக்கமான மருந்துக்கு அடங்காமல் சில வாரம் நீடித்தால், கொப்புளமே இல்லாவிட்டாலும் பெம்பிகாய்டுக்குப் பரிசோதித்துப் பார்ப்பதில் தவறில்லை என்பது என் கட்சி.

இப்போது மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடுகின்றன. வில்டாகிளிப்டினுக்கும் லினாகிளிப்டினுக்கும் இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. மற்ற கிளிப்டின்களிலும் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் வில்டாகிளிப்டினும் டெனெலிகிளிப்டினும் விலை இறங்கியபின் மெட்பார்மினோடு சேர்த்து ஏராளமானவர்கள் சாப்பிடுகிறார்கள். அட்டையின் முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில் உள்ள மூலப்பெயர் கிளிப்டின் என்று முடிகிறதா என்று பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், மாத்திரை ஆரம்பித்த மறுவாரமே கொப்புளம் வராது. பலருக்கு மாதங்கள் கழித்து, ஒரு வருஷம் தாண்டியும் வரும். அதனால்தான் புதிதாக எந்த மருந்தும் ஆரம்பிக்கவில்லையே என்று வீட்டார் சொல்வது உண்மையாக இருந்தும் உதவாமல் போகிறது. போன வருஷ மருந்துச்சீட்டும் வேண்டும். சாப்பிடுகிற எல்லாருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். ஆகவே பயந்து நீங்களாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரை டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து ஸ்டீராய்டு வரப்போகிறது, சர்க்கரை எகிறும், அதனால் இது அவசியம். ஃப்யூரோஸமைடு போன்ற நீர் மாத்திரைகளும் சந்தேகப் பட்டியலில் உண்டு. பக்கவாதம், பார்கின்சன், மறதி நோய் இருப்பவர்களுக்கும் பெம்பிகாய்டு அதிகம் வருகிறது.

பரிசோதனையில் எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொன்னால் புரியும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி, பக்கவாதத்தில் வலது கை பலவீனம், எடை 45 கிலோ இருக்கும். ஏறக்குறைய ஒரு வருஷமாக வில்டாகிளிப்டின். அரிப்புக்குச் சொறி மருந்து கொடுத்து, வீட்டில் எல்லாருமே கழுத்திலிருந்து கால்வரை பெர்மெத்ரின் பூசிக் குளித்திருந்தார்கள், இரண்டு தடவை. பாட்டியைத் தவிர யாருக்கும் அரிப்பே இல்லை என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. வலது முன்கையில் கொப்புளம் வந்ததும், பிசியோதெரபிக்குக் கொடுத்த ஒத்தடம் சுட்டுவிட்டது என்று மருமகளுக்குப் பழி. பிறகு வயிற்றிலும் தொடையிலும் வந்தது, அங்கே யாரும் ஒத்தடம் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு இடத்தில் பயாப்ஸி எடுத்தார்கள். ஒரே துண்டு, கணுக்காலில் இருந்த பழைய பெரிய கொப்புளத்தின் நடுவிலிருந்து, ஃபார்மலின் பாட்டிலில். அறிக்கையில் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த நோய்க்கு இரண்டு துண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து. ஒன்று, புதிதாக வந்த சின்னக் கொப்புளத்தின் ஓரம். அது ஃபார்மலினில் போகும், மைக்ரோஸ்கோப்பில் எந்த மட்டத்தில் தோல் பிரிந்திருக்கிறது என்று காட்டும். இன்னொன்று, கொப்புளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள், கொப்புளம் இல்லாத தோல். இதை நேரடி இம்யூனோ ஃப்ளோரஸன்ஸ் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பொருள் தோலில் ஒட்டியிருப்பதை ஒளிரவைத்துக் காட்டும் சோதனை அது. இந்தத் துண்டை ஃபார்மலினில் போட்டால் காரியம் கெட்டது. மிஷல்ஸ் திரவத்தில் போட வேண்டும், அது இல்லாவிட்டால் சாதாரண சலைனில் போட்டு ஒரு நாளுக்குள் லேபுக்குச் சேர்க்க வேண்டும். கொப்புளத்திலிருந்தே எடுத்தாலும், முழங்காலுக்குக் கீழே எடுத்தாலும், நோய் இருந்தும் இல்லை என்று வர வாய்ப்பு அதிகம்.

பாட்டிக்கு இரண்டாவது முறை வயிற்றிலிருந்து சரியாக எடுத்தபோது, மேல்தோலுக்கு அடியில் பிரிவும் ஈஸினோஃபில் கூட்டமும் தெரிந்தன. இம்யூனோ ஃப்ளோரஸன்ஸில் மேல்தோலும் கீழ்த்தோலும் சேரும் கோட்டில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளும் சி3 என்ற புரதமும் ஒரே நேர்கோடாக ஒளிர்ந்தன. நோய் உறுதியானது. ரத்தத்தில் பிபி180 எதிர்ப்பொருளை எலைசா முறையில் அளக்கவும் முடியும். தோல் எடுக்கச் சம்மதிக்காதவர்களுக்கு அது கைகொடுக்கும், பிறகு மருந்தைக் குறைக்கும் சமயத்திலும் உதவும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இம்யூனோ ஃப்ளோரஸன்ஸுக்கும் சேர்த்து எடுக்கிறீர்களா? பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேளுங்கள். தனியாரில் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவதும் நடக்கிறது.

சிகிச்சை என்றதும் எல்லாரும் ஸ்டீராய்டு மாத்திரை என்று நினைக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் இந்த வயதில் ஆளை அடிப்பது பலசமயம் கொப்புளம் அல்ல, அதிக ஸ்டீராய்டினால் வரும் கிருமித் தொற்றும் சர்க்கரையும் எலும்பு முறிவும்தான். 2002-ல் பிரான்ஸில் பாஸ்கல் ஜோலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த நோயின் வைத்தியத்தையே மாற்றியது. நோய் பரவலாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசோன் மாத்திரை, இன்னொரு பகுதியினருக்கு தினம் 40 கிராம் க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு க்ரீம் உடம்பெல்லாம் பூசினார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 58 சதவீதம், க்ரீம் பக்கம் 76 சதவீதம். பூசுமருந்து என்றால் லேசான மருந்து என்ற நினைப்பை இதற்குப் பிறகு விட்டுவிட வேண்டும்.

40 கிராம் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள், 30 கிராம் ட்யூப் ஒன்றுக்கு மேல், ஒரே நாளில். பட்டாணி அளவு எடுத்துக் கொப்புளத்தின் மேல் மட்டும் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம். முகத்தை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் தோலிலும் சேர்த்துப் பூச வேண்டும். லேசான நோய்க்கும் ஒல்லியான உடம்புக்கும் 10 முதல் 20 கிராம் போதும் என்று டாக்டர் சொல்லலாம். வேறு ஆள் பூசினால் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், மருந்து பூசுபவர் தோலிலும் ஏறும். மருந்துக்கடையில் பூஞ்சைக்கும் கிருமிக்கும் சேர்த்து க்ளோபெட்டசால் கலந்த கூட்டுக் க்ரீமைக் கொடுத்துவிடுவார்கள், அதை வாங்காதீர்கள். க்ளோபெட்டசால் 0.05 சதவீதம் மட்டும் இருப்பது வேண்டும். இவ்வளவு பூசும்போது மருந்து ரத்தத்திலும் கொஞ்சம் சேரும், ஆகவே சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தினமும் பூச ஆளில்லாத வீட்டில் இது நடைமுறைக்கு வராது. அப்போது மாத்திரைதான், ஆனால் பெரும்பாலும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அளவில். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம். கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கும் இதில் உதவுகிறது. கிருமியைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைத் தணிப்பதற்காக. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் கொப்புளம் மூன்றோ அதற்குக் குறைவோ ஆனவர்கள் டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம், பிரெட்னிசோலோனில் 91 சதவீதம். ஆனால் ஒரு வருஷத்தில் கடுமையான பக்கவிளைவு டாக்ஸிசைக்ளினில் 18 சதவீதம், மற்றதில் 36. வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு. சர்க்கரையும் இதய நோயும் உள்ளவருக்கு நான் அந்தப் பக்கம் சாய்வேன். ஒரு எச்சரிக்கை: டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் புண்ணாகும்.

இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட், அசதயோப்ரின், ரிட்டுக்சிமாப் என்று அடுத்த படிகள் உண்டு. டுப்பிலுமாப் ஊசிக்கு 2025-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. உங்களுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது.

கொப்புளத்தை என்ன செய்வது? சின்னதை விட்டுவிடுங்கள். எலுமிச்சை அளவுக்குப் பெரிதாகி இழுத்தால், சுத்தமான ஊசியால் அடிப்பக்கத்தில் குத்தி நீரை மட்டும் மெதுவாக வடியவிட வேண்டும். முதல் தடவை நர்ஸ் செய்து காட்டட்டும். மேலே உள்ள தோலை வெட்டி எடுக்கக் கூடாது, அதுதான் இருப்பதிலேயே நல்ல கட்டு. பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது புதிதாகத் தோல் உரியும். வாஸ்லின் தடவிய துணி, அதன் மேல் தளர்வாகச் சுற்றிய பேண்டேஜ் போதும். புண் அதிகமாகிப் படுக்கையில் ஒட்டினால் வாழை இலையில் படுக்கவைப்பது நம் மருத்துவமனைத் தோல் வார்டுகளில் வழக்கம். ஒட்டாது, குளிர்ச்சி, மலிவு. சுத்தமாகக் கழுவி, நரம்பை எடுத்துவிட்டுப் போட வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். காய்ச்சல், சீழ் நாற்றம், சுற்றிச் சிவந்து சூடாவது, வாயில் புண் வந்து சாப்பிட முடியாமல் போவது, கண் சிவப்பது, தோல் பரவலாக உரிவது, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பாட்டிக்கு மகன் தினம் 20 கிராம் க்ளோபெட்டசால் பூசினார், டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, வில்டாகிளிப்டினை நிறுத்திக் குறைந்த அளவு இன்சுலின். காலண்டரில் தினமும் புதுக் கொப்புளம் எத்தனை என்று மட்டும் எழுதிவைக்கச் சொன்னோம். 9-ல் ஆரம்பித்த எண்ணிக்கை இரண்டாவது வாரத்தில் 2 ஆனது, ஐந்தாவது வாரத்தில் புதிது எதுவும் இல்லை. அரிப்பு அதற்கு முன்பே போய், ராத்திரி தூங்க ஆரம்பித்திருந்தார். தழும்பு விழவில்லை, கறுத்த திட்டுகள் மட்டும் சில மாதம் இருந்தன.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. புதிதாக வருவது நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் குறைக்கத் தொடங்குவார்கள். முதல் மாதம் தினம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை என்று க்ரீம் இறங்கும். மாத்திரையாக இருந்தால் இதைவிட மெதுவாக, டாக்டர் எழுதித் தருகிற கணக்கில். நன்றாகிவிட்டது என்று சட்டென்று ஸ்டீராய்டை நிறுத்துகிறவர்களுக்கு நோயும் திரும்பும், உடம்பும் சோர்ந்து விழும். நோய் திரும்பும்போதும் கொப்புளத்துக்கு முன்னால் அரிப்புதான் வரும். ஆகவே மருந்து குறைகிற மாதங்களில் அப்பா ராத்திரி சொறிய ஆரம்பித்தால், கொப்புளம் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள், ஒரு படி மேலே போனால் பெரும்பாலும் அடங்கிவிடும்.